பட்டு நூலும் பால்பல்லும்

கொள்ளேகாலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். அவற்றின் நடுவே நாற்பது வருடமாக நாய்களும் வளர்ந்திருக்கின்றன. முதன்முதலாகக் குட்டி வாங்கிவந்து, மூன்றே வாரத்தில் செருப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் மாதக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28 பற்கள், ஊசி போல இருக்கும். மூன்றாம் மாதம் முடிந்து நான்கு தொடங்கும்போது முன்பற்கள் ஆடி விழும். கோரைப்பல்லும் கடைவாய்ப்பல்லும் விழுந்து முளைக்க ஐந்தாறு மாதம் ஆகும். எல்லாம் முடிய ஏழு மாதம். கடி மிகவும் கூடுவது நான்கிலிருந்து ஆறு மாதம் வரைதான். அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டை மாற்றி அமைத்தால் போதும், குட்டியை மாற்ற வேண்டியதில்லை.

2. பொம்மையில் இளஞ்சிவப்பாக இரத்தக் கறை தெரிந்தால் பதறாதீர்கள். ஈறு சிவப்பது, எச்சில் வடிவது, கெட்டியான தீனியை ஒரு வேளை முகர்ந்துவிட்டு விடுவது எல்லாம் வழக்கம்தான். தீனியை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டு வையுங்கள், சாப்பிடும். விழுந்த பல்லைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, முகம் ஒரு பக்கம் வீங்கினாலோ, பால்பல் பாதியில் உடைந்து உள்ளே சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். பல் முளைப்பதால்தான் வாந்தியும் காய்ச்சலும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வேறு காரணம் இருக்கும்.

3. வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் பழைய பல்லும் புதுப்பல்லும் சேர்ந்து நிற்கக்கூடாது. மேல் கோரையில் புதுப்பல் பழையதற்கு முன்னால் வரும். கீழே உள்பக்கமாக வரும். கீழே பழையது விழாமல் நின்றால் புதுப்பல் உள்ளே சாய்ந்து மேலண்ணத்தைக் குத்தும். நீங்களே பிடுங்காதீர்கள், பால்பல்லின் வேர் நீளமானது, உடைந்து உள்ளே தங்கிவிடும்.

4. நம் ஊரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் செருப்பைவிட ஆபத்தான பொருள் நூல்தான். பாவு பிணைக்கும்போது அறுத்துப் போடும் துண்டு, தாரில் மிஞ்சிய ஊடை, சரிகைக் கழிவு எல்லாம் தறிக்குழி ஓரத்தில் கிடக்கும். ஈறு அரிக்கும் குட்டிக்கு அது நல்ல மெல்லுதீனி.

என் இரண்டாவது நாய் நாலரை மாதத்தில் பட்டுக் கழிவை மென்று விழுங்கியது, நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் வாந்தி எடுத்தது. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. முதுகை வளைத்துக்கொண்டு சுவரோரம் நின்றது, வயிற்றைத் தொட்டால் முனகியது. அஜீரணம் என்று நினைத்து நான் ஒரு நாளை வீணாக்கினேன். மருத்துவர் செய்த முதல் வேலை, நாக்கை மேலே தூக்கிப் பார்த்ததுதான். அடிநாக்கில் நூல் சுற்றியிருந்தது. மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் பை எப்படிச் சுருங்குமோ, அப்படித்தான் குடல் அந்த நூலின்மேல் கொசுவிக்கொள்கிறது. குடல் அசைய அசைய, இறுகிய நூல் அதை அறுக்கும். மைசூருக்குக் கொண்டுபோய் அறுவை செய்துதான் பிழைக்கவைத்தோம்.

ஆகவே வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே குடல் கிழியும். விளக்கெண்ணெயும் கொடுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள், நூல் விழுங்கியிருக்கலாம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தறி இருக்கும் அறை வாசலில் இடுப்பளவு பலகைத் தடுப்பு வைத்து, கழிவு நூலை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தையல் வீட்டுக்கும் பூக்கட்டும் வீட்டுக்கும் இதே பேச்சுதான்.

5. கடிக்க எதைக் கொடுப்பது? கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லை உடைக்கும். மாட்டுக் கொம்பும் குளம்பும் கடைகளில் விற்றாலும் வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைக்கும். தேங்காய்மட்டை நார் நாராகப் பிரியும், நூலின் கதைதான்.

உள்ளே குழிவான, முழுதாக வாய்க்குள் போகாத ரப்பர் பொம்மை ஒன்று வாங்குங்கள். அதற்குள் உப்பில்லாத ராகிக் களியைத் தயிரோடு பிசைந்து அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். சில்லென்ற களியை நக்கி நக்கி எடுப்பதற்குள் அரை மணி போகும், ஈறும் மரத்துவிடும். எங்கள் வீட்டுக் குட்டிகளுக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. பெரிய கேரட்டைக் குளிரவைத்துக் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கையளவாகத் தேய்ந்ததும் வாங்கிவிடுங்கள்.

6. மனிதர்களுக்கான வலி மாத்திரை, பல்வலிக் களிம்பு, கிராம்பு எண்ணெய் எதுவும் வேண்டாம். பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் குட்டியின் உயிரையே எடுத்துவிடும்.

7. பழைய செருப்பை விளையாடக் கொடுக்காதீர்கள். பழையதற்கும் கல்யாணத்துக்கு வாங்கிய புதியதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் உங்கள் வாசனைதான். செருப்பை மூன்றடி உயரத்தில் வையுங்கள். கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், அது ஓடிப்பிடிக்கும் விளையாட்டாகிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே களி பொம்மையைக் காட்டி, வாயைத் திறந்ததும் "விடு" என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அடித்தால் அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கடிக்கும், அவ்வளவுதான்.

8. நாற்காலிக் காலுக்கும் தறிக் காலுக்கும் பிளம்பிங் பிவிசி குழாயை நீளவாட்டில் பிளந்து மாட்டிவிடுங்கள், மலிவு. கசப்பு ஸ்ப்ரே சில குட்டிகளிடம் பலிக்கும், சிலவற்றிடம் பலிக்காது. மிளகாய்த்தூள் தடவுவது கொடுமை, கண்ணில் பட்டால் துடிக்கும். மின்சார வயரைத் தரையில் விடவே விடாதீர்கள். தூங்கி எழுந்ததும், பொழுது சாய்ந்ததும்தான் குட்டி எதையாவது தேடிக் கடிக்கும். அந்த இரண்டு வேளையும் பொம்மை முன்கூட்டியே அதன் வாயில் இருக்கட்டும். நீங்கள் பார்க்க முடியாத நேரத்தில் தடுப்புக்குள் விடுங்கள்.

9. விளையாட்டுக் கடியில் தோல் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

10. ஏழாம் மாதம் முடிந்ததும் பற்களை எண்ணுங்கள், அல்லது மருத்துவரை எண்ணச் சொல்லுங்கள். மேலே 20, கீழே 22, ஆக 42 இருக்க வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ அவரிடம் காரணம் கேளுங்கள்.