கைபேசிப் படத்தில் ஒரு கோண இருசமவெட்டி

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

மாணவர்கள் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைந்ததைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். நீங்கள் அதைப் பார்த்துச் சரி, தவறு சொல்ல வேண்டியிருக்கிறது. படம் வந்ததும் பலர் செய்வது ஒன்றே. கோணமானியைத் திரைமேல் வைத்தோ, திரையிலேயே கோணம் அளக்கும் கருவியைக் கொண்டோ, இருசமவெட்டியின் இரு பக்கமும் ஒரே அளவா என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது என்பதே இந்தக் கடிதத்தில் நான் வாதிடப்போவது. காகிதத்தில் கோணமானி சொல்வதை நம்பலாம். படத்தில் அது சொல்வது சரியான வரைவைத் தவறாக்கும், தவறான வரைவைச் சரியாக்கும். படத்திலும் மாறாமல் நிற்கிற சில உண்மைகள் உண்டு. அவற்றை வில்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். A என்ற உச்சியில் 60° கோணம். ஒரு கதிர் தாளின் குறுக்கே கிடைமட்டமாகக் கிடக்கிறது, மற்றது மேலே செல்கிறது. மாணவி A-யை மையமாக வைத்து 4 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்து, கீழ்க்கதிரில் P, மேற்கதிரில் Q என்று குறிக்கிறாள். P, Q இரண்டிலிருந்தும் 5 செ.மீ. ஆரத்தில் வில்கள் வரைகிறாள். அவை R-இல் வெட்டுகின்றன. A-யையும் R-ஐயும் சேர்க்கிறாள். வரைவு குறையற்றது, இரு பக்கமும் 30°. இப்போது அவள் கைபேசியைத் தாளுக்கு நேர்மேலே பிடிக்காமல், தன் பக்கமாக 30° சாய்த்துப் படமெடுக்கிறாள். நிழல் விழாமலிருக்க எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். படத்தில் குறுக்குநீளங்கள் அப்படியே இருக்க, மேல்கீழ் நீளங்கள் ஏறத்தாழ 0.866 மடங்காகச் சுருங்குகின்றன. இதனால் 60° கோணம் திரையில் 56.3° ஆகிறது. கீழ்ப்பாதி 26.6°, மேல்பாதி 29.7°. மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம்! கோணமானியை நம்பினால் இந்த மாணவிக்கு மதிப்பெண் போய்விடும்.

இன்னொரு மாணவன் அதே கணக்கைச் செய்கிறான். அவனுடைய கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. Q-விலிருந்து 5 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தவன், P-யிலிருந்து வரையும்போது கால் விரிந்து 5.2 செ.மீ. ஆகிவிட்டது. R மேற்கதிரின் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. தாளில் அவன் கோடு கோணத்தை 31.8° என்றும் 28.2° என்றும் பிரிக்கிறது. பிழை 1.8°. இவனும் அதே சாய்வில் படமெடுத்து அனுப்புகிறான். திரையில் அளந்தால் கீழ்ப்பாதி 28.2°, மேல்பாதி 28.1°. ஏறத்தாழ கச்சிதமான இருசமவெட்டி! சாய்வு ஒரு பக்கம் எடுத்ததை, தளர்ந்த திருகு திருப்பிக் கொடுத்து ஈடுகட்டிவிட்டது. இந்த இரண்டு படங்களும் அடுத்தடுத்து உங்கள் கைக்கு வந்தால், அளந்து பார்க்கும் ஆசிரியர் தீர்ப்பை நேர்மாறாகத்தான் எழுதுவார். இந்தக் கணக்கில் கைபேசி சற்றுத் தொலைவில் இருந்ததாகக் கொண்டேன். கிட்டே பிடித்தால் அருகிலுள்ள பாதி பெரிதாகவும் தள்ளியுள்ள பாதி சிறிதாகவும் தெரியும் குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் படத்தில் எதை நம்புவது? படத்தின் ஓர வளைவை விட்டுவிட்டால், தட்டையான தாளைக் கேமரா எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நேர்கோடு நேர்கோடாகவே விழும். இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டினால் படத்திலும் அதே புள்ளியில்தான் வெட்டும். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தால் படத்திலும் ஒரே கோட்டில்தான் இருக்கும். வட்டவில் நீள்வட்டத் துண்டாக மாறலாம், ஆனால் அது எந்தப் பக்கம் புடைத்திருந்தது என்பது மாறாது. நீளம், கோணம், நடுப்புள்ளி, செங்குத்து ஆகிய நான்கும் படத்தில் சிதையக்கூடியவை. வெட்டுதல், வழியே செல்லுதல், புடைப்பின் திசை ஆகிய மூன்றும் சிதையாதவை. ஆகவே படத்தைப் படிக்கும்போது கோணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வில்லும் எங்கே வெட்டுகிறது, கோடு அந்த வெட்டுப்புள்ளி வழியே போகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கோடு R-க்கு ஒரு நூல் தள்ளிப் போனால், வில் வரைவதற்கு முன்பே கோடு இருந்தது என்று சந்தேகிக்கலாம். கோணமானியில் 30° வைத்துக் கோட்டைப் போட்டுவிட்டு, பிறகு அழகுக்காக இரண்டு வில்களைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு தடயமும் உண்டு. P-யிலிருந்து வரைந்த வில் P-யை விட்டு வெளியே புடைத்திருக்க வேண்டும். அது A-யை மையமாகக் கொண்டது போலப் புடைத்திருந்தால், கவராயத்தின் முள் P-யில் வைக்கப்படவே இல்லை.

தளர்ந்த திருகு இதற்கெல்லாம் தப்பிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அந்த மாணவனின் கோடு R வழியாகவே செல்கிறது, வில்கள் சரியான பக்கம்தான் புடைத்திருக்கின்றன. ஆரம் 5-ஆ, 5.2-ஆ என்று படத்தை அளந்து சொல்லவும் முடியாது, ஏனென்றால் நீளம் சிதைந்திருக்கிறது. இங்கேதான் மாணவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது. P, Q இரண்டிலிருந்தும் வரையும் வில்களை R-இல் மட்டும் நிறுத்தாமல், அதே ஆரத்தில் மறுபக்கமும் வெட்டுமாறு வரையச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது வெட்டுப்புள்ளியை S என்போம். நம் அளவுகளில் S, A-க்குப் பின்னால் ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி விழும். AP-யும் AQ-வும் சமம், வில்களின் ஆரங்களும் சமம் என்றால் S, A, R மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். ஆரங்கள் சமமில்லையென்றால் SR என்ற கோடு PQ-க்குச் செங்குத்தாகவே இருக்கும், ஆனால் A வழியே செல்லாது. சிறிய ஆரத்தின் மையத்தை நோக்கி இணையாக நகர்ந்துவிடும். நம் மாணவனின் தாளில் அந்த நகர்வு ஏறத்தாழ 2.5 மி.மீ. அவன் வரைந்த RA கோட்டைப் பின்னால் நீட்டினால் S-ஐ ஏறத்தாழ 3 மி.மீ. தவறவிடும். கூர்மையான பென்சில் கோட்டின் தடிமன் அரை மி.மீ. என்றால் இது ஆறு கோடு அகலம். சாய்ந்த படத்தில் அந்த இடைவெளி சுருங்கலாம், ஆனால் மறையாது. ஏனென்றால் ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகளைக் கேமரா ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்த முடியாது, தாளை அதன் விளிம்பு வழியே பார்த்தாலொழிய. திரையில் அளவுகோலின் விளிம்பை மூன்று புள்ளிகளுக்கும் பொருத்திப் பார்த்தாலே போதும், எந்தப் பாகையும் அளக்க வேண்டியதில்லை. A-யிலிருந்து வரைந்த முதல் வில்லில் கால் நழுவி AP-யும் AQ-வும் சமமில்லாமல் போயிருந்தாலும் இதே சோதனையில் தெரிந்துவிடும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று துல்லியமாக ஈடுசெய்தால் மட்டும் தப்பும். அது மிக அரிது.

மையக்குத்துக்கோட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். அங்கே மாணவர்கள் இருபக்கமும் வெட்டுவது வழக்கம்தான், ஆனால் ஆரம் நழுவினால் கிடைக்கும் கோடு செங்குத்தாகவே இருக்கும், நடுப்புள்ளியில்தான் செல்லாது. செங்கோணத்தைச் சோதித்துத் திருப்தியடைபவர் சோதிக்கத் தேவையில்லாத ஒன்றைச் சோதித்திருக்கிறார்.

தாளின் நான்கு மூலைகளைப் பிடித்துப் படத்தை நேராக்கித் தரும் ஸ்கேனர் செயலிகள் இருக்கின்றனவே, அவற்றில் அளந்தால் என்ன என்பது நியாயமான மறுப்பு. தாள் முழுத் தட்டையாக இருந்து, நான்கு மூலைகளும் படத்துக்குள் இருந்து, செயலி அவற்றைச் சரியாகக் கண்டுபிடித்து, தாளின் உண்மையான நீள அகல விகிதத்துக்கே நேராக்கியிருந்தால் அளக்கலாம், மறுக்கமாட்டேன். ஆனால் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் நடுத்தையலருகே வளைந்திருக்கும். செயலி 210-க்கு 297 மி.மீ. என்ற ஏ4 அளவை வைத்துக்கொண்டு நீளமான நோட்டைச் சுருக்கிவிடக்கூடும். அப்படிச் சுருங்கினால் நாம் பார்த்த அதே சிக்கல் சாய்வே இல்லாமல் திரும்பி வரும். ஒரு படத்தை அளக்கலாமா என்று அந்தப் படத்திடமே கேட்க எளிய வழி உண்டு. அதில் முழு வட்டம் இருந்தால் அதன் குறுக்கு விட்டத்தையும் மேல்கீழ் விட்டத்தையும், மூலைவிட்டத் திசையில் இன்னொன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்பில் உச்சிக்கோணமும் அடிப்பக்கமும் தந்து முக்கோணம் வரையும் கணக்குகளில் அந்த வட்டம் கட்டாயம் இருக்கும். மூன்றும் ஒன்றானால் அந்த இடத்தில் கோணமும் நம்பத்தக்கது. மேல்கீழ் விட்டம் குறுக்கு விட்டத்தில் 0.87 பங்குதான் என்றால் சாய்வு 30° அளவுக்கு இருக்கிறது. கோணமானியைக் கீழே வையுங்கள்.

கடைசியாக, தேர்வில் அளவுதானே பார்ப்பார்கள், வில்லைப் பார்த்து மதிப்பெண் தரலாமா என்ற கேள்வி. விடைத்தாளைத் திருத்துபவர் கையில் தாளே இருக்கிறது, அவர் அளக்கலாம். உங்கள் கையில் இருப்பது படம். அதில் அளவுக்கு மதிப்பெண் குறைப்பதென்றால், தாளை நேரில் பார்க்கும்வரை அந்தப் பகுதியை நிறுத்திவையுங்கள். வில்லே தெரியவில்லை என்றாலும் அப்படித்தான். முழுத்தாளை எடுத்த படம் செய்திச் செயலி வழியே வரும்போது நீளப்பக்கம் 1600 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டால், ஒரு மி.மீ.க்கு ஐந்து புள்ளிகள்தான் மிஞ்சும். மெல்லிய பென்சிலால் வரைந்த வில் அதில் கரைந்துபோகும், முள் குத்திய துளையும் தெரியாது. ஆகவே வில் காணோம் என்று பூச்சியம் போடாமல், A, P, Q, R இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாகவும் நேர்மேலிருந்தும் எடுத்த இன்னொரு படம் கேளுங்கள். படம் ஓரத்தில் வளையாமல் இருக்க, கைபேசியைச் சற்று உயரத்தில் பிடித்துப் பெரிதாக்கி எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் மறுபக்க வெட்டுப்புள்ளியும் இருந்தால், S-இலிருந்து R-க்கு ஒரு விளிம்பை வைத்து A அதில் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் மாணவனுக்கு எழுத வேண்டியது "கோணம் தவறு" என்பதல்ல. "கவராயத்தின் திருகை இறுக்கி, A-யிலிருந்து தொடங்கி வில்களை மறுபடி வரை" என்பது.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்