'சக்சஸ்'னு காட்டுது, ஆனா எடுக்க முடியல: யுஎஸ்டிடி ஏன் முடங்குது?

அடையார்ல இருக்கிற நண்பருக்கு 500 யுஎஸ்டிடி அனுப்புறீங்கன்னு வைங்க. ஈத்தர்ஸ்கேன்ல Success வந்தாச்சு, அவர் வாலட்லயும் 500 தெரியுது. ஆனா அதுல ஒரு பைசாகூட அவரால நகர்த்த முடியல.

காரணம், அந்த முகவரியை டெதர் ஏற்கெனவே பிளாக்லிஸ்ட் பண்ணியிருக்கு. ஈத்தீரியத்துல டெதரோட காண்ட்ராக்ட், அனுப்புறவர் பட்டியல்ல இருக்காரான்னு மட்டும்தான் பார்க்கும், வாங்குறவரைப் பார்க்காது. அதனால பணம் உள்ளே போகும், வெளியே வராது. சர்க்கிளோட யுஎஸ்டிசி ரெண்டு பேரையும் பார்க்கும், அனுப்பும்போதே தோல்வியாகிடும். எனக்கு அதுதான் நியாயமா படுது.

அனுப்பும் முன்னாடி ஈத்தர்ஸ்கேன்ல யுஎஸ்டிடி காண்ட்ராக்டைத் திறந்து, Read Contract-ல `isBlackListed`-க்குள்ள முகவரியைப் போட்டுப் பாருங்க. true வந்தா அனுப்பாதீங்க. false வந்தா, இந்த நிமிஷம் பட்டியல்ல இல்லை, அவ்வளவுதான்.

பட்டியல்லேர்ந்து எடுக்கிறது டெதர் கையில மட்டும்தான். வாலட் ஆப்போ உங்க சீட் ஃப்ரேஸோ உதவாது. 2023 நவம்பர்ல, அமெரிக்க நீதித்துறை விசாரணையை ஒட்டி, தென்கிழக்கு ஆசிய மோசடிக் கும்பலோட தொடர்புடைய சுமார் 22.5 கோடி டாலர் யுஎஸ்டிடியை டெதர் முடக்குச்சு. அதுல நேர்மையான வாலட் சிக்கியிருந்தா உரிமையாளரோட பேசி விடுவிப்போம்னும் சொல்லுச்சு. அப்படிப் பேச உங்ககிட்ட ஆதாரம் வேணும்: டிரான்சாக்‌ஷன் ஹேஷ், யார்கிட்ட எதுக்கு வாங்கினீங்கன்னு காட்டும் சாட், பேங்க் ஸ்டேட்மென்ட். போலீஸ் கேட்டு முடக்கியிருந்தா, முதல்ல அந்த விசாரணை அதிகாரி கிட்டதான் போகணும். தாமதிச்சா இன்னொரு ஆபத்தும் உண்டு. காண்ட்ராக்ட்ல `destroyBlackFunds`னு ஒரு வழி இருக்கு. டெதர் அதை இயக்கினா அந்த முகவரியோட இருப்பு பூஜ்யமாகிடும்.