சீசன் வேலையின் கோபம் வீட்டுக்குள் வரும்போது

தன்னைக் கடிந்தவரிடம் காட்ட முடியாத சினத்தை எதிர்க்க இயலாத ஒருவர்மீது இறக்கிவைப்பதை உளவியல் ‘இடம்பெயர்ப்பு’ என்கிறது; வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவரும், சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவரையே உண்மையில் சினம் காப்பவராகக் கொள்கிறார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றால சீசனில், அறை கிடைக்காத பயணிகளின் ஏச்சை நாள் முழுதும் பொறுத்த விடுதி ஊழியர் ஒருவர், தென்காசியிலுள்ள வீட்டில் நுழைந்ததும் சிந்திய பாலுக்காக மகளிடம் கத்துவது இவ்வகையே. தாடை இறுகுவதும், வீட்டாரின் குற்றங்களை வழியிலேயே மனம் எண்ணத் தொடங்குவதும் முன்னறிகுறிகள் என்பதால், வாசலுக்கு முன்பே வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நடந்துவிட்டு, “இன்று வேலையில் சிரமம், சற்று நேரம் கொடுங்கள்” என்று உள்ளே சொல்லிவிடுவது நல்லது.

கத்திவிட்டால், உடல் தணிந்தபின், இயன்றவரை அன்றிரவே, குழந்தையின் கண்மட்டத்தில் அமர்ந்து, “பால் சிந்தியதற்கு அவ்வளவு கத்தியது அப்பாவின் தவறு, வேலையில் வந்த கோபம் அது” என்று செயலைப் பெயர்சொல்லி ஏற்க வேண்டும். “ஆனால் நீயும்...” என்று தொடர்ந்தால் மன்னிப்பு மீண்டும் குற்றச்சாட்டாகிவிடும், பேச்சில்லாமல் வாங்கித்தரும் தின்பண்டமோ, கத்தியது தன்னால்தான் என்ற குழந்தையின் எண்ணத்தை மாற்றாது. கத்தியதைப் பார்த்திருந்த மனைவியிடமும் தனியே பேச வேண்டும். அவர் உடனே இளகாவிட்டால் வற்புறுத்தலாகாது.

கோபம் வாரந்தோறும் திரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும், அடியாக மாறினால் பாதிக்கப்பட்ட பெண்கள் 181ஐயும், குழந்தைகளுக்காக 1098ஐயும் அழைக்கலாம்.