அப்பாவின் ஏணியும் இரண்டு கோணங்களும்



முதலாம் ஆண்டு கணக்குத் தேர்வில் நம்மில் பலர் மார்க்கைக் கோட்டை விடும் இடம் ஏற்றக் கோணம், இறக்கக் கோணம். நானும் விட்டவன்தான். அதைப் புரிய வைத்தது எங்கள் வீட்டு ஏணி. அதனால் ஏணியை வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். கணக்கு நன்றாக வரும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என் அப்பா வெள்ளையடிக்கிறவர். நான் பத்தாவது படித்தபோது ஒரு வீட்டில் வேலை நடந்தது. சுவரில் 12 அடி உயரத்தில் சன்ஷேடு. அதற்குக் கீழே அடிக்க வேண்டும். கையில் இருந்தது 15 அடி மூங்கில் ஏணி ஒன்றுதான். ஏணியின் நுனி சன்ஷேடுக்குக் கீழே அடங்க வேண்டுமே, அதனால் அடியைத் தள்ளித் தள்ளி, சுவரிலிருந்து 9 அடி தூரத்தில் வைத்தார்கள். அப்பா கீழ்ப்படிகளில் ஏறும்போது ஏணி அசையவில்லை. மேலே போனதும் அடி சர்ரென்று வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை.

"நேரம் சரியில்லடா தம்பி" என்றார் அப்பா. நேரமா, கோணமா என்று பார்ப்போம்.

முதலில் படம் வரைவோம். படம் வரையாமல் இந்தக் கணக்கைத் தொடவே கூடாது. சுவர் நேராக நிற்கிறது, தரை கிடையாக இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் 90 பாகை. ஏணிதான் கர்ணம். ஏணியின் அடியில், தரைக்கும் ஏணிக்கும் நடுவே உள்ள கோணம் θ. அடியில் நின்று ஏணியின் நுனியைப் பார்த்தால், நம் பார்வை கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலே ஏறுகிறதோ அதுதான் ஏற்றக் கோணம். இங்கே அது θ.

இந்தக் கோணத்துக்கு எதிரே இருப்பது சுவர், எனவே அது எதிர்ப்பக்கம். பக்கத்தில் இருப்பது தரை, அது அடுத்துள்ள பக்கம். நமக்குத் தெரிந்தவை ஏணி 15, தரை 9. அடுத்துள்ள பக்கமும் கர்ணமும் தெரிந்தால் காஸ் போட வேண்டும்.

cos θ = 9/15 = 0.6
θ = 53° 8′

கால்குலேட்டரில் 0.927 என்று வந்தால் பயப்படாதீர்கள், அது DEG-இல் இல்லாமல் RAD-இல் இருக்கிறது என்று அர்த்தம். மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

சுவர் உயரம் சரியா என்றும் பார்த்துக்கொள்ளலாம். 15 × sin θ = 15 × 0.8 = 12 அடி. சன்ஷேடு உயரம் அதேதான். உயரம் எப்போதும் ஏணி நீளத்தைவிடக் குறைவாகத்தான் வரும். கூடுதலாக வந்தால் சைன் போட வேண்டிய இடத்தில் பெருக்குவதற்குப் பதில் வகுத்திருப்பீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில கேள்விகளில் "ஏணி சுவருடன் 30 பாகை" என்று இருக்கும். அது ஏற்றக் கோணம் இல்லை. 90-இலிருந்து கழித்து 60 என்று எடுத்துக்கொண்டு பிறகு ஆரம்பிக்க வேண்டும். "தரையுடன்" என்றால்தான் அப்படியே எடுக்கலாம்.

இனி இறக்கக் கோணம். நான் மார்க் விட்டது இதில்தான். ஏணியின் நுனிக்கு நேராக, 12 அடி உயரத்தில் கண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தரையில் இருக்கும் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தால் இறக்கக் கோணம் 30 பாகை. வாளி சுவரிலிருந்து எவ்வளவு தூரம்?

கீழே பார்க்கிறோம், சுவரும் கீழே இறங்குகிறது என்று நினைத்து, நான் சுவருக்கும் பார்வைக்கும் நடுவே 30 போட்டேன். தூரம் 12 × tan 30° = 6.93 அடி என்று விடை எழுதினேன். தப்பு. இறக்கக் கோணத்தையும் கிடைக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். கண்ணிலிருந்து தரைக்கு இணையாக ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து பார்வை எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் 30. புள்ளிக்கோடும் தரையும் இணைகோடுகள், பார்வைக்கோடு இரண்டையும் வெட்டுகிறது. எனவே வாளியிடம் தரையில் உண்டாகும் கோணமும் 30, ஏனென்றால் அவை ஒன்றுவிட்ட கோணங்கள். இப்போது,

tan 30° = 12 / தூரம்
தூரம் = 12 / 0.5774 = 20.78 அடி

விடை சரியா என்பதை ஏணியே சொல்லும். மேலிருந்து ஏணியின் அடியைப் பார்த்தால் இறக்கக் கோணம் அதே 53° 8′. பார்வை அதைவிடக் குறைவாக இறங்கினால் பொருள் ஏணி அடிக்கு வெளியே இருக்கும், அதிகமாக இறங்கினால் அடிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும். 30 என்பது 53-ஐவிடக் குறைவு, ஆகவே வாளி 9 அடிக்கு அப்பால்தான் இருக்க முடியும். என்னுடைய 6.93 ஏணிக்குள்ளேயே விழுந்தது. அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் ஐந்து மார்க் போயிருக்காது.

சரி, ஏணி ஏன் வழுக்கியது? மேலே நிற்கும் ஆளின் எடையால் ஏணியின் நுனி சுவரைத் தள்ளுகிறது. சுவரும் திருப்பித் தள்ளுகிறது. அதனால் அடி வெளியே ஓடப் பார்க்கிறது, தரையின் உராய்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது. ஏணியின் எடையையும் சுவரின் உராய்வையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஆள் உச்சியில் இருக்கும்போது அடியைத் தள்ளும் விசை = எடை × தரைத் தூரம் / உயரம். 60 கிலோ ஆளுக்கு 60 × 9/12 = 45 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். பாதி ஏணியில் நின்றால் அதில் பாதிதான், 22.5. கீழே இருக்கும்போது அசையாத ஏணி மேலே போனதும் ஓடியதற்குக் காரணம் இதுதான். தரையோ சுண்ணாம்புத் தண்ணீர் சிந்திய சிமெண்ட் தரை. அது எவ்வளவுதான் பிடிக்கும்?

ஏணி வைப்பதற்கு ஒரு விதி உண்டு. ஏணி நீளத்தில் நாலில் ஒரு பங்கு தூரத்தில் அடியை வைக்க வேண்டும். cos θ = 0.25, அதாவது θ ஏறக்குறைய 75½ பாகை. இந்தக் கோணத்தில் 12 அடி உயரத்தைத் தொட, 12 / sin 75½° = 12.4 அடி ஏணி போதும், அடி சுவரிலிருந்து 3.1 அடியில் இருக்கும். தள்ளும் விசை 60 × 3.1/12 = 15.5 கிலோ. 45 எங்கே, 15.5 எங்கே! ஏணி நீளமாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அன்று அப்பாவைக் கீழே தள்ளியது ஏணியின் அந்த இரண்டரை அடி அதிக நீளம்தான்.

இதை நோட்டில் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு காஸும் டேனும் தெரியாது. படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ சின்ன ஏணி ஒண்ணு கட்டணும்கிற" என்றார். மறுவாரம் மூங்கில் வாங்கி வந்து 12 அடியில் ஒன்று கட்டினார். இப்போது எந்தச் சுவராக இருந்தாலும் அடி எங்கே வர வேண்டும் என்று கயிற்றை நாலாக மடித்து அளந்துவிட்டுத்தான் ஏறுகிறார்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு. 10 அடி ஏணியின் அடி சுவரிலிருந்து 6 அடி. ஏற்றக் கோணம் என்ன? இந்த ஏணி அப்பாவின் பழைய ஏணியைவிடச் சிறியது, அதைவிடப் பத்திரமானதா? விடை 53° 8′. எனவே பத்திரம் இல்லை. வழுக்குவதும் வழுக்காததும் நீளத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது.