புது அனலிஸ்ட்டுக்கு: எந்த சிங்க் எப்போது ஓடுகிறது, யாரைக் கேட்பது

நம் புடவைக் கடையின் இணைய விற்பனைக் கணக்கு ஐந்து இடங்களிலிருந்து பிக்குவெரிக்கு வந்து சேர்கிறது. ஒரு பட்டியல் மட்டும் இங்கிருந்து வெளியே போகிறது. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு ஓடும், யார் பொறுப்பு, அது நின்றால் யாருடைய வேலை கெடும் என்பதை வந்த வாரத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டால் நல்லது. கீழே உள்ள நேரமெல்லாம் இந்திய நேரம்.

1. பச்சை டிக்கை நம்பி உட்காராதீர்கள். இணைப்பு கிடைத்தது, பிழை ஏதும் வரவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஒரு வரிசைகூட வராத இரவிலும் டிக் பச்சையாகவே இருக்கும். காலையில் வந்ததும் இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT DATE(created_at, "Asia/Kolkata") AS naal,
       COUNT(*) AS orders,
       MAX(updated_at) AS kadaisi
FROM shop.orders
WHERE created_at >= TIMESTAMP_SUB(CURRENT_TIMESTAMP(), INTERVAL 9 DAY)
GROUP BY naal
ORDER BY naal
```

முதல் வரி அரைகுறை நாள், அதை விட்டுவிடுங்கள். நேற்றைய எண்ணிக்கையை முந்தாநாளோடு ஒப்பிடுவதைவிடப் போன வாரம் இதே கிழமையோடு ஒப்பிடுங்கள். ஞாயிறு ஆர்டரையும் திங்கள் ஆர்டரையும் பக்கத்தில் வைத்தால் எல்லா வாரமும் ஏதோ விழுந்துவிட்ட மாதிரியே தெரியும்.

2. ஆர்டர் சிங்க். ஒவ்வொரு மணியும் பத்தாவது நிமிடம் ஷாப்பிஃபையிலிருந்து வருகிறது. குழாய் நம் டேட்டா இன்ஜினியர் பொறுப்பு. கடைப் பக்கத்து அனுமதிகள் இணையக் கடை மேலாளர் கையில். காலை 8 மணிக்குக் குடோனில் அச்சாகும் பேக்கிங் பட்டியலும், 8:30-க்கு மேலே உள்ளவர்களுக்குப் போகும் விற்பனை மெயிலும் இதை நம்பி இருக்கின்றன. ஆகவே 7:10 ஓட்டம் தவறினால் குடோன் மேற்பார்வையாளருக்குத்தான் முதலில் போன் செய்ய வேண்டும். மெயில் அரை மணி தாமதமானால் யாரும் சாகமாட்டார்கள். பட்டியல் குறைந்தால் அன்றைய கூரியர் வண்டி புடவையை விட்டுவிட்டுப் போய்விடும்.

இந்த சிங்க் `created_at`-ஐப் பார்த்து எடுப்பதில்லை, `updated_at`-ஐப் பார்த்து எடுக்கிறது. 12-ஆம் தேதி 2,400 ரூபாய்க்கு வாங்கிய புடவையை வாடிக்கையாளர் 19-ஆம் தேதி திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் உருவான தேதி அப்படியே 12-தான். மாறிய தேதி மட்டும் 19 ஆகிறது. புதிதாக உருவானவற்றை மட்டும் எடுத்தால் அந்தத் திருப்பம் நம்மிடம் என்றைக்குமே வராது. 12-ஆம் தேதி விற்பனை போன வாரம் பார்த்ததைவிட இன்று குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

3. மணிக்கணக்கு. பிக்குவெரியில் நேரம் யுடிசி-யில் கிடக்கிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு 12-லிருந்து காலை 5:30 வரை வரும் ஆர்டர்கள் யுடிசி-யில் முந்தைய நாளைச் சேர்ந்தவை. சாதாரண நாளில் இது சின்னப் பிசகு. ஏப்ரல் 1 அதிகாலை 2:10-க்கு ஒருவர் புடவை வாங்கினால், யுடிசி-யில் அது மார்ச் 31 இரவு 8:40. மேலே உள்ள வினவலில் `"Asia/Kolkata"` என்பதை விட்டுவிட்டால் அந்த விற்பனை போன நிதியாண்டில் போய் விழும். தணிக்கை நேரத்தில் கணக்குப் பிரிவு உங்களிடம் வந்து நிற்பது இதற்காகத்தான். `DATE(` என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் கைப்பழக்கமாக நேர மண்டலத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

4. டேலி சிங்க். இரவு 1:30-க்கு ஓடுகிறது. பொறுப்பாளர் கணக்குப் பிரிவின் மூத்த கணக்காளர். கொள்முதல் விலை இதில்தான் வருகிறது, எனவே லாப விகிதம் முழுக்க இதை நம்பியது. மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்கு முன் விற்பனையைச் சரிபார்க்கும் அறிக்கையும் இதைப் பார்த்துத்தான்.

எல்லாவற்றிலும் அதிகம் சண்டித்தனம் செய்வது இதுதான். மற்றவை எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வருகின்றன. இது கணக்கு அறையில், ஜன்னலோரம் இருக்கும் ஒரு கணினியிலிருந்து 9000 என்ற போர்ட் வழியாக வருகிறது. கணினி ஓட வேண்டும், டேலி திறந்திருக்க வேண்டும், அதற்குள் நம் கம்பெனியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இரவில் விண்டோஸ் அப்டேட் வந்து கணினி தானாக அணைந்து எழுந்தால் டேலி மூடியே கிடக்கும். அப்போது இணைப்பே கிடைக்காது, சிவப்பு விழும், தெரிந்துவிடும். டேலி திறந்திருந்து கம்பெனி மட்டும் ஏற்றப்படாமல் இருந்தால்தான் தொல்லை. இணைப்பு கிடைக்கும், வரிசை வராது, டிக் பச்சை. ஆகவே டேலிக்கு வரிசை எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பின்தேதி வவுச்சர். நெசவாளர் சங்கத்திலிருந்து வரும் பில் மூன்று வாரம் கழித்துக் கைக்கு வரும். கணக்கில் அது பில்லில் உள்ள தேதியிலேயே ஏறும். அப்படித்தான் ஏற்ற வேண்டும், அவர்கள்மேல் தப்பில்லை. கடைசி ஏழு நாள் தேதிகளை மட்டும் நாம் இழுத்தால் அந்த பில் நம் கண்ணில் படாது. அதனால் தேதியை விட்டுவிட்டு `ALTERID`-ஐ வைத்து இழுக்கிறோம். டேலியில் வவுச்சரைப் புதிதாகப் போட்டாலும் திருத்தினாலும் அந்த எண் ஏறும். ஆனால் அழித்த வவுச்சருக்கு இப்படி ஏறி வரும் எண் கிடையாது. அதற்காக ஞாயிறு இரவு நடப்பு மாதம் முழுவதையும் மறுபடி இழுக்கிறோம். திங்கள் காலை டேலியின் டே புக்கில் உள்ள வவுச்சர் எண்ணிக்கையைக் கணக்காளரிடம் கேட்டு நம் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். போனில் கேட்டால் பிறகு சொல்கிறேன் என்பார். நேரில் போய் நின்றால் உடனே திரையைத் திருப்பிக் காட்டுவார்.

5. லாபக் கணக்கு ஓட்டம். இது வெளியிலிருந்து வருவதல்ல. டேலியையும் ஆர்டரையும் சேர்த்து 3 மணிக்கு நாமே கட்டும் அட்டவணை. பொறுப்பு நம் குழு. டேலி இழுப்பு வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்ற தைரியத்தில் 3 மணி என்று வைத்தது. 'டேலி முடிந்த பிறகு ஓடு' என்று யாரும் இரண்டையும் பிணைக்கவில்லை. மார்ச் கடைசியில் வவுச்சர் குவிந்து இழுப்பு இரண்டு மணி நேரம் ஆனால், பாதிக் கொள்முதலை வைத்துக்கொண்டு லாபக் கணக்கு கட்டப்பட்டுவிடும். இரண்டுக்கும் பச்சை டிக்தான். கண்டுபிடிக்கும் வழி: விற்பனைத் தொகை வழக்கம்போல இருக்க, லாப விகிதம் மட்டும் திடீரென்று உயர்ந்திருக்கும். செலவு பாதிதானே வந்திருக்கிறது. அப்போது டேலி முடிந்த நேரத்தையும் இது தொடங்கிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தையது பிந்தியிருந்தால் லாபக் கணக்கை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும், டேலியைத் தொடத் தேவையில்லை.

6. பேமென்ட் செட்டில்மென்ட். காலை 6 மணி. பொறுப்பு நிதிப் பிரிவு. வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பது இதை வைத்து. நம் ஒப்பந்தப்படி வாடிக்கையாளர் கட்டிய பணம் இரண்டு வேலை நாள் கழித்து வருகிறது. வெள்ளிக்கிழமை விற்றது செவ்வாய்தான் வங்கியில் தெரியும், இடையில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். வரும் தொகையும் முழுசாக வராது. 1,000 ரூபாய்க்கு 2 சதவீதம் கட்டணம் 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.60 ரூபாய், கைக்கு வருவது 976.40. ஆர்டர் தொகைக்கும் வங்கித் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் 'சிங்க் பிழை' என்று டிக்கெட் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

7. ஜிஏ4. நேரம் நம் கையில் இல்லை. கூகுள் அனுப்பும்போது வரும். பொறுப்பு மார்க்கெட்டிங். ஒரு நாளின் அட்டவணை அதற்குப் பிறகும் மூன்று நாள் வரை மாறிக்கொண்டிருக்கும் என்பதால் நேற்றைய வருகையாளர் எண்ணிக்கையை எங்கும் இறுதி என்று எழுதாதீர்கள்.

8. இலக்கு ஷீட். காலை 7:45. விற்பனை மேலாளர் கையால் நிரப்பும் கூகுள் ஷீட். திங்கட்கிழமை மீட்டிங்கில் காட்டும் இலக்குச் சதவீதம் இதிலிருந்து. எண் போட வேண்டிய கட்டத்தில் '12 லட்சம்' என்று தட்டிவிடுவார், இங்கே அது காலியாக வந்து நிற்கும். ஷீட்டை நீங்களே திருத்தாதீர்கள். அனுமதி இருந்தாலும் வேண்டாம். இலக்கு அவருடையது, எண்ணை யார் மாற்றினார்கள் என்ற பேச்சு மீட்டிங்கில் வந்தால் பதில் சொல்வது கடினம்.

9. வெளியே போகும் ஒரே சிங்க். காலை 11 மணிக்கு, புடவை கைக்குக் கிடைத்த வாடிக்கையாளர்களின் பட்டியல் குறுஞ்செய்தி சேவைக்குப் போகிறது, 'புடவை பிடித்ததா?' என்று அவர்களுக்குச் செய்தி போகும். பொறுப்பு வாடிக்கையாளர் சேவை மேலாளர். உள்ளே வருபவற்றில் ஒன்று கெட்டால் மறுபடி ஓட்டலாம், பழைய வரிசைமேல் புதியது ஏறும், அவ்வளவுதான். இதை மறுபடி ஓட்டினால் அதே ஆளுக்கு இரண்டாவது செய்தி போகும். ஆர்டர் சிங்க் காலையில் நின்றுபோன நாளில் திருப்பி அனுப்பியவர்கள் இன்னும் நம் பட்டியலில் 'கிடைத்தது' என்றே இருப்பார்கள். சாயம் போகிறது என்று புடவையைத் திருப்பியவரிடம் பிடித்ததா என்று கேட்பது நமக்குத்தான் கெட்ட பெயர். எனவே 10:10 ஆர்டர் ஓட்டம் சரியாக வரவில்லை என்றால் உடனே இதை நிறுத்திவையுங்கள், பிறகு மேலாளருக்குச் சொல்லுங்கள். நிறுத்துவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். திரும்ப ஓட்டுவதற்கு மட்டும் அவர் சரி என்று எழுதித் தர வேண்டும்.

10. ஜிஏ4 தவிர மற்ற ஒவ்வொரு சிங்கும் யாரோ ஒருவருடைய லாகினில் ஓடுகிறது. இலக்கு ஷீட் இன்னும் தனிநபர் கூகுள் கணக்கில்தான் இருக்கிறது. அந்த ஆள் வேலையை விட்டுப் போய், ஐடி பிரிவு கணக்கை மூடிய அன்றே சிங்க் நிற்கும். அதை சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு மாற்றும் வேலை உங்கள் பேரில் போட்டிருக்கிறேன். அது சுலபம்: சர்வீஸ் அக்கவுன்ட்டின் மெயில் முகவரிக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் தரச் சொல்லி விற்பனை மேலாளரிடம் கேளுங்கள். அவர் செவ்வாய், புதன் ஊரில் இருக்க மாட்டார்.