முன்னாள் நிறுவனத்திடம் பணி அனுபவச் சான்றிதழ் கேட்டு எழுதும் முறை

ஆஸ்திரேலியாவில் தொழில்திறன் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் தமிழர் பலர், தாயகத்தில் முன்பு பணியாற்றிய நிறுவனத்திடமிருந்து சான்றிதழ் பெற வேண்டியவராய் உள்ளனர். கேட்பவருக்கு அது அவசரத் தேவை. கொடுப்பவருக்கோ, பல ஆண்டுகளுக்கு முன் விலகிச் சென்ற ஒருவருக்காகப் பழைய கோப்பைத் தேடி எடுக்கும் கூடுதல் வேலை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு எழுதப்படும் கடிதத்துக்கே பெரும்பாலும் மறுமொழி கிடைக்கிறது. இங்கு மரியாதை என்பது பணிவான சொற்கள் மட்டுமன்று. கொடுப்பவரின் வேலையைக் குறைப்பதும் ஆகும்.

இரு வேறு ஆவணங்கள்

பணிவிடுப்புக் கடிதம், அதாவது ரிலீவிங் லெட்டர், பணியாளரின் விலகலை நிறுவனம் ஏற்று, குறிப்பிட்ட நாளில் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்ததைத் தெரிவிப்பது. அறிவிப்புக் காலம் நிறைவுற்று, கணக்கு முடிக்கப்பட்ட பின்னரே இந்திய நிறுவனங்கள் பொதுவாக இதனை வழங்குகின்றன. அனுபவச் சான்றிதழ், ஒருவர் எந்நாள் முதல் எந்நாள் வரை எப்பதவியில் பணியாற்றினார் என்பதை உறுதிசெய்வது. இலங்கையில் இதனைச் சேவைச் சான்றிதழ் என்பர்.

இந்தியாவில் வழக்கமாக வழங்கப்படும் அனுபவச் சான்றிதழ் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். பதவி, காலம், நன்னடத்தை, வாழ்த்து ஆகியவை மட்டுமே அதில் இருக்கும். மதிப்பீட்டு அமைப்புகளுக்கு இது போதுவதில்லை. அவை பொதுவாக எதிர்பார்ப்பவை: நிறுவனத்தின் முகவரித்தாள், பணி தொடங்கிய நாளும் முடிந்த நாளும், பதவிப்பெயர், செய்த முதன்மைப் பணிகள், வார வேலைநேரம், ஒப்பமிடுபவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம். ஆகவே வெறுமனே "அனுபவச் சான்றிதழ் தருக" என்று கேட்பவருக்குப் பயன்படாத சான்றிதழே வந்துசேரும். இரண்டாம் முறை கேட்கவும் நேரும்.

ஓர் எடுத்துக்காட்டு

கோயம்புத்தூரில் பம்பு உற்பத்தி செய்யும் நிறுவனமொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக ஒரு பெண் பணியாற்றினார் எனக் கொள்வோம். 2014 ஜூன் 2 அன்று சேர்ந்த அவர், 2019 பிப்ரவரி 13 அன்று விலகல் கடிதம் கொடுத்தார். அறிவிப்புக் காலம் 60 நாள்கள். குடும்பச் சூழ்நிலையால் 30 நாள்கள் மட்டும் பணியாற்றி, மார்ச் 15 அன்று நின்றுவிட்டார். நிறுவனம் பணிவிடுப்புக் கடிதத்தை நிறுத்திவைத்தது. இப்போது மெல்பேணில் வாழும் அவருக்கு அனுபவச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

இத்தகைய நிலையில் பலர் இரு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். பழைய பூசலைக் குறிப்பிடாமலே எழுதினால், கோப்பைத் திறந்து பார்க்கும் அலுவலர் அதைக் கண்டு கடிதத்தை ஒதுக்கிவைக்கக்கூடும். பூசலை மீண்டும் வாதிட்டு எழுதினால், அக்கடிதம் சட்டப்பிரிவுக்குச் சென்று அங்கேயே தங்கிவிடும். நடந்ததை ஒரே வாக்கியத்தில், குற்றஞ்சாட்டாமல் ஒப்புக்கொண்டு, கணக்கு விவரம் கேட்பதே நடுவழி. குறிப்பிட்ட தொகையைத் தானே கடனாக ஏற்று எழுத வேண்டியதில்லை; ஒப்பந்தத்தின்படி நிலுவை உள்ளதா என்று கேட்டால் போதும்.

மனிதவளப் பிரிவுக்கு அவர் எழுதும் கடிதம் இவ்வாறு அமையலாம். ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கமாயினும், பொருள் விளங்கும் பொருட்டு இங்குத் தமிழில் தரப்படுகிறது.

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> தங்கள் நிறுவனத்தில் 2014 ஜூன் 2 முதல் 2019 மார்ச் 15 வரை தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராகப் பணியாற்றினேன். என் பணியாளர் எண்ணும் பணிநியமனக் கடிதத்தின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> ஆஸ்திரேலியாவில் தொழில்திறன் மதிப்பீட்டுக்காக எனக்கு அனுபவச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதில் இடம்பெற வேண்டிய விவரங்களை ஒரு வரைவாக இணைத்துள்ளேன். தங்கள் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, மாற்ற வேண்டியவற்றை மாற்றி, தங்கள் முகவரித்தாளில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> நான் விலகியபோது அறிவிப்புக் காலத்தில் 30 நாள்கள் நிறைவுறாமல் இருந்ததை அறிவேன். இது தொடர்பாக நிலுவை ஏதேனும் இருப்பின், கணக்கு விவரத்தை அனுப்புமாறு வேண்டுகிறேன். பணிவிடுப்புக் கடிதம் பற்றி அதன்பின் தனியே எழுதுகிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,

இக்கடிதத்தில் பாராட்டு கேட்கப்படவில்லை. திறமையை மதிப்பிடச் சொன்னால் அலுவலர் தயங்குவார். பதிவேட்டில் உள்ளதை எடுத்தெழுதுவதில் அவருக்குத் தயக்கம் குறைவு. இரு ஆவணங்களும் பிரித்துக் கேட்கப்பட்டிருப்பதால், ஒன்றில் உள்ள சிக்கல் மற்றதைத் தடுக்கும் வாய்ப்பும் குறைகிறது.

வரைவில் கவனிக்க வேண்டியவை

பணிகளைத் தம் சொற்களில், ஐந்தாறு வரிகளில் எழுதவேண்டும். "தரக் கட்டுப்பாட்டை மேற்கொண்டார்" என்பதைவிட, "வார்ப்புப் பாகங்களின் அளவுகளைச் சோதித்தார், குறையுள்ள பாகங்களின் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்" என்பது தெளிவானது. அரசின் தொழில்வகைப் பட்டியலில் உள்ள விளக்கத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து எழுதினால், மதிப்பீட்டாளருக்கு ஐயம் எழும். நாள்களைச் சம்பளச் சீட்டுடனும் வருங்கால வைப்புநிதிப் பதிவுடனும் ஒப்பிட்டுப் பார்த்தபின்பே அனுப்ப வேண்டும். ஒரு மாத வேறுபாடும் பின்னர்க் கேள்வியாக எழக்கூடும்.

வரைவு நிறுவனத்தின் பார்வைக்கு மட்டுமே. பழைய முகவரித்தாளில் தாமே அச்சிடுவதும், பிறரைக் கொண்டு ஒப்பமிடுவிப்பதும் போலி ஆவணம் தயாரிப்பதாகும். அத்தகைய ஆவணம் விசா விண்ணப்பத்தில் கண்டறியப்பட்டால், விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகள் வரை புதிய விசா கிடைக்காமலும் போகலாம்.

மறுமொழி வராதபோது

மார்ச் இறுதியில் இந்திய நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கை முடிப்பதால், அக்காலத்தில் கடிதம் அனுப்புவதைத் தவிர்ப்பது நன்று. பத்து வேலைநாள்கள் கழிந்தபின், முதற்கடிதத்தையே இணைத்து, இரண்டு வரிகளில் நினைவூட்டலாம். அதற்கும் மறுமொழி இல்லையெனில் தொலைபேசியில் பேசலாம். குளிர்காலத்தில் மெல்பேணில் பிற்பகல் 2.30 மணி ஆகும்போது இந்தியாவில் காலை 10 மணி. பேசியபின், யாரிடம் பேசப்பட்டது, என்ன கூறப்பட்டது என்பதை மின்னஞ்சலில் நன்றியுடன் பதிவுசெய்தல் வேண்டும்.

நிறுவனம் வெளிப்படையாக மறுத்தாலும், மூடப்பட்டிருந்தாலும், வழி முற்றிலும் அடைபடுவதில்லை. பணிநியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வங்கிக் கணக்கறிக்கை, வருங்கால வைப்புநிதிப் பதிவு ஆகியவை பணிபுரிந்த காலத்தைக் காட்டும். செய்த பணிகளை அன்றைய மேலாளரோ உடன் பணியாற்றியவரோ சத்தியப் பிரகடனமாக எழுதித் தரலாம். எந்த மாற்று ஆவணம் ஏற்கப்படும் என்பது மதிப்பீட்டு அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். விண்ணப்பிப்பதற்கு முன் அதன் வழிகாட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதங்களின் நகல்களையும் அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். சான்றிதழ் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கப்படும்போது, முறையாகக் கேட்டதற்கு அவையே சான்று.