வரவுக் குறிப்பு கோரும் கடிதம்

மதுரையிலுள்ள மின்பொருள் கடை ஒன்று, கோயம்புத்தூர் மொத்த வணிகர் ஒருவரிடம் இருபது மேசை மின்விசிறிகளைக் கடனுக்கு வாங்கியது. ஒன்றின் பட்டியல் விலை 1,500 ரூபாய். வணிகத் தள்ளுபடி 10 விழுக்காடு. அவற்றுள் நான்கு சுழலவில்லை. கடைக்காரர் அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டுக் கடிதம் வரைந்தார்.

முதல் வரைவில் 6,000 ரூபாய் கேட்டிருந்தார். அது பிழை. தள்ளுபடி போக ஒரு விசிறியின் விலை 1,350 ரூபாயே. நான்கிற்கு 5,400 ரூபாய்; சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாக 972 ரூபாய்; ஆக 6,372 ரூபாய். திருத்திய கடிதம் வருமாறு:

“ஐயா, தங்களின் 214ஆம் எண் விலைப்பட்டியலின்படி பெற்ற விசிறிகளுள் நான்கு பழுதானவை. அவற்றைத் திருப்பியனுப்பியதற்கான சரக்கூர்திச் சீட்டின் படியை இணைத்துள்ளேன். 6,372 ரூபாய்க்கு வரவுக் குறிப்பு அனுப்பி, அடுத்த விலைப்பட்டியலில் ஈடுசெய்ய வேண்டுகிறேன்.”

குறிப்பு வருமுன் கடைக்காரர் தாமே தொகையைக் கழித்திருந்தால், விற்பனையாளர் பேரேட்டில் அது நிலுவையாகவே நின்றிருக்கும். குறிப்பு வந்ததும் அதில் 214 என்னும் எண் உள்ளதா எனச் சரிபார்த்தார். எந்த விற்பனைக்குரியது என்பதை அவ்வெண்ணே காட்டும். அடுத்த விலைப்பட்டியலின் தொகை 31,860 ரூபாய். 6,372 ரூபாயைக் கழித்து 25,488 ரூபாய் செலுத்தினார். இருவர் கணக்கும் ஒத்துப்போயின.